பால் காணாமல் இல்லை, செலவுதான் கூட

எங்கட பக்கம் ஒரு பிள்ளை மெலிந்திருந்தால் முதல் கேள்வி தாயிடம்தான் போகும். "பால் காணுதா பிள்ளைக்கு?" அடுத்தது, "நீ ஒழுங்காச் சாப்பிடுறியா?" மூன்றாவது கண்ணூறு. என்ட தங்கச்சி மூன்று மாதமாக இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டு, கடைசியில் தன்னுடைய பாலில்தான் ஏதோ பிழை என்று நம்பவே தொடங்கிவிட்டாள். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்பது நாலாம் மாதத்தில்தான் தெரிய வந்தது. இப்போது பிள்ளை நல்லா இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இருந்து இதை வாசிக்கிற உம்மாமார், அம்மாமார் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டாலும் போதும் என்றாள்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். வைத்தியம் தெரியாது. ஆனால் இந்த ஒரு வருடத்தில் கிளினிக் கொப்பியில் இருக்கிற அந்த வரைபை, பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற வரைபுகளை விடக் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். வைத்தியர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

முதலில் கொப்பியில் இருந்த எண்களைப் பாருங்கள். பிறந்தபோது பிள்ளையின் நிறை 2.9 கிலோ, நீளம் 49 சென்ரிமீற்றர். குறை சொல்ல ஒன்றுமில்லை, பச்சைப் பகுதிக்குள்தான். ஒரு மாதத்தில் 3.7 கிலோ. அதுவும் பச்சைதான். இரண்டாம் மாதத்தில் 4.2, இளம்பச்சைக்கு இறங்கிவிட்டாள். மூன்றாம் மாதத்தில் 4.5. நாலாம் மாதத்தில் 4.7, செம்மஞ்சள்.

ஒவ்வொரு மாதமும் நிறை கூடித்தான் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். "கூடியிருக்குத்தானே, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். ஆனால் கூடிய அளவுகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். முதல் மாதம் 800 கிராம், அடுத்தது 500, பிறகு 300, பிறகு 200. வரைபில் கோடு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் அதன் படித்திறன் மாதத்துக்கு மாதம் படுத்துக்கொண்டே வருகிறது. முதல் மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் வைக்க வேண்டும். இவள் மூன்றாம் மாதத்தில் நாளுக்கு 10 கிராம்தான் வைத்தாள்.

சிறிதாகப் பிறந்து, கீழே உள்ள ஒரு கோட்டிலேயே ஒழுங்காக ஏறிப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் கோடு மற்றக் கோடுகளுக்குச் சமாந்தரமாகப் போகும். பெரும்பாலும் அது அந்தப் பிள்ளையின் இயல்பு. ஆனால் நல்ல இடத்தில் தொடங்கி ஒரு கோட்டை வெட்டி, பிறகு அடுத்த கோட்டையும் வெட்டிக் கீழே வருகிற பிள்ளை வேறு கதை. புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை விட, கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கட மிட்வைஃப் மிஸ் அதைத்தான் கண்டுபிடித்தார். நாலாம் மாத ஊசிக்குப் போன அன்று கோட்டைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். எழுபதுக்கு மேல். இந்த வயதில் சும்மா படுத்திருக்கிற பிள்ளைக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது. அன்றைக்கே வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, பிறகு எக்கோ. இரண்டு இதயவறைகளுக்கும் இடையில் உள்ள சுவரில் பெரிய ஓட்டை.

தங்கச்சிக்கு ஒரு கேள்வி இருந்தது. "பிறந்தவுடனே டொக்டர் நெஞ்சில குழாய் வெச்சுப் பார்த்துத்தானே வீட்டுக்கு விட்டார், அப்ப ஏன் தெரியல்ல?" இதற்கு இருதய டொக்டர் தந்த விளக்கம்தான் எனக்கு முழு விஷயத்தையும் திறந்து காட்டியது.

வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் சுவாசப்பை காற்றால் நிரம்பியிருக்காது. அதன் இரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் அவை தளரத் தொடங்கும், ஆனால் முழுக்கத் தளர ஆறு, எட்டுக் கிழமை வரை எடுக்கும். அதுவரை இதயத்தின் வலது பக்கத்திலும் இடது பக்கத்திலும் அமுக்கம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், நடுச்சுவரில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் அதனூடாகப் பெரிதாக எதுவும் பாயாது. பாயாவிட்டால் சத்தமும் வராது. அதனால்தான் முதல் நாள்களில் டொக்டரின் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, முதல் மாதத்தில் பிள்ளையும் நல்லா நிறை வைத்தாள்.

பிறகு சுவாசப்பையின் குழாய்கள் தளர்கின்றன. அந்தப் பக்கம் போவது இரத்தத்துக்கு இலேசாகிவிடுகிறது. இடது பக்கத்தில் இருந்து உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பெரிய பங்கு, ஓட்டையால் வலது பக்கம் பாய்ந்து மீண்டும் சுவாசப்பைக்கே போகிறது. வயலுக்கு விடுகிற தண்ணி, வாய்க்கால் வரம்பு உடைந்து திரும்பக் குளத்துக்கே ஓடுகிற மாதிரி. இயந்திரம் இரவும் பகலும் இறைக்கிறது, வயலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். உடம்புக்கு வேண்டிய அளவைக் கொடுக்க, இதயம் இரண்டு மூன்று மடங்கு இறைக்க வேண்டி வருகிறது. சுவாசப்பையில் இரத்தம் கூடி அது பாரமாகிறது, மூச்சு வேகமாகிறது. பிள்ளை நீலம் பாரிக்காது, ஏனென்றால் ஒட்சிசன் ஏறிய இரத்தம்தான் திரும்பச் சுற்றுகிறது. அதனால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை வெள்ளையாக, மெலிவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மூச்சுத்தான் பாலில் கை வைக்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, மூன்றையும் பிள்ளை மாறி மாறிச் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு எழுபது மூச்சு விடுகிற பிள்ளைக்கு விழுங்க இடைவெளி எங்கே? தங்கச்சியின் பிள்ளை ஆசையாகத்தான் பாலுக்கு வருவாள். நாலைந்து தரம் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மீண்டும் பிடிப்பாள். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பால் முக்கால் மணித்தியாலம் போகும், முடியும் முன்னமே களைத்து நித்திரையாகிவிடுவாள். அரை மணித்தியாலத்தில் பசித்து எழும்புவாள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது அப்படியே "பால் காணாத பிள்ளை" போலத்தான் தெரியும்.

இன்னொரு அடையாளம் நெற்றி வியர்வை. வன்னி வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்று கேட்பீர்கள். ஆனால் இது விடியப்புறம் குளிர்ந்த நேரத்திலும் வரும், ஃபேன் சுற்றும்போதும் வரும், பால் குடிக்கும் நேரம் பார்த்து வரும். தொட்டால் நெற்றி குளிர்ந்திருக்கும். பால் குடிப்பது அந்தப் பிள்ளைக்கு எங்களுக்கு மேட்டில் ஓடி ஏறுகிற மாதிரி.

சரி, பால் கொஞ்சம் குறைவாகப் போகிறது, அதனால் மெலிகிறது என்று இதை முடித்துவிடலாமா? முடியாது. 1998 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றி டொக்டர் சொன்னார். மூன்று முதல் ஐந்து மாதம் வரையான பிள்ளைகள். எட்டுப் பேருக்கு இதே ஓட்டை, பத்துப் பேர் சுகமான பிள்ளைகள். அடையாளமிட்ட ஒரு வகைத் தண்ணீரைக் கொடுத்து, அது உடம்பில் இருந்து வெளியேறும் வேகத்தை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதன் கணக்கு ஒரு வீட்டு வரவுசெலவு மாதிரித் தெளிவாக இருக்கிறது.

வரவு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறையில் ஒரு கிலோவுக்கு, நாளொன்றுக்கு 90 கிலோகலோரி அளவு. ஓட்டை உள்ள பிள்ளைகள் குறைவாகக் குடிக்கவே இல்லை. செலவுதான் வேறு. சுகமான பிள்ளை கிலோவுக்கு 62 அளவு செலவழித்தது. ஓட்டை உள்ள பிள்ளை 88 அளவு. கழித்துப் பாருங்கள். சுகமான பிள்ளைக்கு வளர்வதற்கென்று 25 அளவில் மிஞ்சியது. ஓட்டை உள்ள பிள்ளைக்கு மிஞ்சியது மூன்று.

ஒரே சம்பளம் எடுக்கிற இரண்டு ஆசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கடன் இல்லை, மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சுகிறது, வீட்டுக்கு ஒரு அறை கட்டுகிறார். மற்றவருக்குச் சம்பளம் வந்த கையோடு தவணைக் காசு போய்விடுகிறது. அவர் சாப்பிடுகிறார், வாழ்கிறார், ஆனால் ஒரு கல்லும் ஏறவில்லை. பிள்ளையின் நிறை என்பது அந்த மிச்சத்தில் கட்டுகிற அறை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. படுத்து ஓய்வாக இருக்கும்போது இரண்டு கூட்டத்துக்கும் செலவு பெரிதாக வித்தியாசப்படவில்லை. முழு நாளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் வந்தது. விழித்திருக்கிற நேரத்தில் செய்கிற வேலைகள்தான், அதாவது குடிப்பது, அழுவது, கை கால் அடிப்பது எல்லாம்தான், இவர்களுக்கு விலை கூடியவை. பால் குடித்துச் சம்பாதிக்கிற சக்தியில் ஒரு பங்கு, அந்தப் பாலைக் குடிப்பதற்கே போகிறது.

இப்போது நீளத்துக்கு வருவோம். நாலாம் மாதத்தில் பிள்ளையின் நிறை செம்மஞ்சளில் இருந்தபோது நீளம் 60 சென்ரிமீற்றர், அது பச்சைக்குள்தான் இருந்தது. மாமி அதைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை நீளமாத்தானே வளருது, மெல்லிய உடம்பு, வாப்பாட வாகு" என்றார். ஆறாம் மாதத்தில் நிறை 5.1 கிலோ, சிவப்பின் விளிம்பில். நீளம் 61.5, இளம்பச்சையின் அடிக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் வளர்ந்திருக்கிறாள். அந்த வயதில் மூன்றரை அளவு வளர வேண்டும்.

நிறை முதலில் விழும், நீளம் பின்னால் விழும். உடம்பு பஞ்சத்தில் செய்கிற ஒழுங்கு அது. முதலில் தோலின் கீழ் உள்ள கொழுப்பைக் கரைக்கும், பிறகு தசையை. மூளைக்குப் போவதைக் கடைசி வரை காப்பாற்றப் பார்க்கும், அதனால் தலையின் சுற்றளவு பெரும்பாலும் நல்லாவே இருக்கும். எலும்பு நீள்வதற்கு ஒரு கட்டளை வேண்டும். மூளையின் அடியில் இருந்து வரும் வளர்ச்சி ஓமோன் ஈரலுக்குச் சொல்கிறது. ஈரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு தூதை அனுப்புகிறது. எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுக்கு முக்கியமான கட்டளை இதுதான். போசாக்கு இல்லாத ஈரல் இந்தத் தூதைக் குறைத்துவிடும். கையில் காசு இல்லாதபோது கட்டட வேலையை நிறுத்துகிற மாதிரி. எனவே நீளம் குறையத் தொடங்குகிறது என்றால், பஞ்சம் நேற்று வந்தது அல்ல, கொஞ்ச நாளாகவே இருக்கிறது என்று அர்த்தம். நீலம் பாரிக்கிற வகை இதய நோய்களில் ஒட்சிசன் குறைவும் சேர்ந்துகொள்வதால், அங்கே நிறையும் நீளமும் சேர்ந்தே பின்தங்குவது கூட.

எங்கட வீட்டில் பெரிய வாக்குவாதம் வந்தது ஒபரேஷன் விஷயத்தில்தான். "ஐந்து கிலோப் பிள்ளையை எப்படி வெட்டக் கொடுக்கிறது? முதல்ல நிறை வைக்கட்டும், திரிபோஷா தொடங்கட்டும், ஒரு வயசுக்குப் பிறகு பார்ப்போம்" என்று மச்சான் சொன்னார். பயத்தில் சொல்கிற ஒரு வாப்பாவின் பேச்சு. ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். தவணைக் காசு போய்க்கொண்டே இருக்கும்போது அறை எப்படிக் கட்டுவது? ஓட்டை பெரிதாக இருக்கும் மட்டும் நிறை வராது. நிறை வரட்டும் என்று ஓட்டையை வைத்திருந்தால் இரண்டும் நடக்காது. கேரளத்தில் கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இதயத்தைத் திருத்த வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வயதுக்குரிய நிறை இல்லாதவர்கள். உயரம் குன்றியவர்கள் நாலில் ஒரு பங்களவு. திருத்திய பிறகுதான் அவர்களின் நிலை மேலே வந்தது.

அதற்காக இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவும் இல்லை. சுவாசப்பையில் சேர்கிற நீரைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவே இல்லை. போத்தல் இலேசு என்று பலர் சொன்னார்கள், ஆனால் போத்தல் பாலை விட மார்பில் குடிக்கும்போது பிள்ளைகளின் ஒட்சிசன் அளவு நல்லா நிற்கிறது என்றுதான் டொக்டர் விளக்கினார். ஒரு தடவைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொடுங்கள் என்றார்கள். மிச்சப் பாலைக் கறந்து, வார்ட்டில் சொன்ன அளவுப்படி செறிவு கூட்டி, மூக்கால் போட்ட மெல்லிய குழாய் வழியாக விட்டார்கள். குழாயைக் கண்டு அழுதவள் என்ட உம்மா. ஆனால் அதன் காரணம் நல்ல காரணம். குழாயால் போகிற பாலுக்குப் பிள்ளை செலவழிக்க வேண்டியதில்லை. செறிவு கூட்டுவது மட்டும் வீட்டில் தானாகச் செய்கிற வேலை இல்லை, அளவு பிழைத்தால் வயிற்றோட்டமும் உடம்பில் நீர் வற்றுவதும் வரும்.

ஆறரை மாதத்தில், 5.2 கிலோவில், கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு சிறிய துண்டு வைத்துத் தைத்து ஓட்டையை மூடினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் கிழமை தங்கச்சி எனக்குக் கோல் எடுத்துச் சொன்னது ஒபரேஷன் தழும்பைப் பற்றி அல்ல. "ராத்தா, பத்து நிமிஷத்துல குடிச்சு முடிச்சிட்டாள், நெத்தி காஞ்சிருக்கு."

ஒன்பதாம் மாதத்தில் நிறை 6.4 கிலோ, நீளம் 65. நீளம் அப்போதும் செம்மஞ்சளில்தான். நிறை மேலே திரும்பிவிட்டது, நீளம் இன்னும் திரும்பவில்லை. விழும்போது எந்த ஒழுங்கோ, எழும்பும்போதும் அதே ஒழுங்கு. முதலில் நிறை, பிறகு நீளம். ஒரு வயதில் 7.7 கிலோ, 70 சென்ரிமீற்றர். இரண்டும் இளம்பச்சை.

இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிவு சிலரை வீணாகப் பயப்படுத்தும், சிலரை வீணாக ஆறுதல்படுத்தும். ஒன்று, இதயத்தில் ஓட்டை என்றாலே பயப்பட வேண்டியதில்லை. சிறிய ஓட்டையில் இரத்தம் நெருக்கிப் பாய்வதால் சத்தம் பெரிதாகக் கேட்கும், ஆனால் பாயும் அளவு கொஞ்சம்தான். அந்தப் பிள்ளைகள் சாதாரணமாக வளர்வார்கள். பல ஓட்டைகள் தானாகவே மூடிக்கொள்ளும். அதே போல, நிறை குறைந்த பிள்ளை எல்லாம் இதய நோயாளியும் அல்ல. எங்கட மாவட்டங்களில் நிறை குறைவுக்கு வறுமை தொடங்கி வேறு பல காரணங்கள் உண்டு. அதனால்தான் இதய நோய் உள்ள பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

மற்றது, பெரிய ஓட்டை உள்ள பிள்ளை சிகிச்சை எதுவும் இல்லாமல் திடீரென்று மூச்சு இலேசாகி, வியர்வை நின்று, சுகமான மாதிரித் தெரிந்தால் அதை நம்பி கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். ஓட்டை சிறுத்திருக்கலாம். அல்லது மாதக் கணக்காக வேகமான இரத்தத்தை வாங்கிய சுவாசப்பைக் குழாய்கள் தடித்து இறுகத் தொடங்கியிருக்கலாம். இறுகினால் பாய்ச்சல் குறையும், பிள்ளை ஆறுதலாக இருக்கும், ஆனால் அது முற்றிப்போனால் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். எது என்று எக்கோதான் சொல்லும். பெரிய ஓட்டையை முதல் வருடத்துக்குள் மூடப் பார்ப்பது இதனாலும்தான்.

எனவே மெலிந்த ஒரு கைப்பிள்ளையைப் பார்த்தால், தாயிடம் பாலைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு மூன்றைக் கேளுங்கள். குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குது? குடிக்கும்போது நெற்றி வியர்க்குதா? நித்திரையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? பிறகு கொப்பியை வாங்கி, கோடு மற்றக் கோடுகளுக்குச் சமாந்தரமாகப் போகுதா, வெட்டிக்கொண்டு இறங்குதா என்று பாருங்கள். இறங்கினால் அடுத்த மாத கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள்.